வர்த்தமானியிலிருந்து சம்பளப் பட்டியலுக்கு: ஹட்டனில் ஒரு கொந்தராத்துக் கணக்கின் நிகழ்வு ஆய்வு

ஹட்டன் பக்கம் தொழில் செய்யும் ஒரு கொந்தராத்துக்காரருக்கு 2025ஆம் ஆண்டின் முற்பகுதியில் சம்பளக் கணக்கை ஒழுங்குபடுத்திக் கொடுக்க வேண்டியிருந்தது. அவரிடம் மூன்று வகையான குழுக்கள் வேலை செய்தன. ஒரு குழு தோட்டங்களில் கவ்வாத்தும் புல்வெட்டும் செய்தது. இன்னொன்று லயன் கூரைகளையும் சுவர்களையும் திருத்தும் மேசன் குழு. மூன்றாவது, நுவரெலியாவில் ஒரு தங்கு விடுதியைத் துப்புரவு செய்யும் பெண்களின் குழு. மூன்று குழுக்களுக்கும் ஒரே விரிதாள்தான் இருந்தது. அதில் பெயர், எத்தனை பேர் (அதாவது எத்தனை நாள் வேலை), நாட்சம்பளம், முற்பணம், கையில் கொடுத்தது என ஐந்து பத்திகள் மட்டுமே இருந்தன. நாட்சம்பளம் எங்கிருந்து வந்த எண், எந்தத் தேதியிலிருந்து செல்லுபடியாகும், அதற்குள் எது அடிப்படை, எது படி என்பதற்கு அந்தத் தாளில் இடமே இல்லை.

தொழில் திணைக்களத்தின் பரிசோதனைக்கு முன் அந்த நாட்சம்பளப் பத்தியை அரசாங்க அறிவித்தல்களோடு பொருத்திக் காட்டும் அட்டவணை ஒன்றை உருவாக்குவதே வேலை. அறிவித்தலிலிருந்து எண்ணை எடுத்துத் தாளில் போடுவது சிறு வேலையாகத் தோன்றலாம். ஆனால் வர்த்தமானி ஒருபோதும் தனி எண்ணை மட்டும் தருவதில்லை. எந்தத் தொழிலுக்கு, எந்தத் தரத்துக்கு, எந்த அலகுக்கு, எந்த நாளிலிருந்து, எந்த நிபந்தனையோடு என்ற ஐந்து கேள்விகளுக்கான விடையோடுதான் அந்த எண் வருகிறது. அட்டவணைக்குள் அந்த ஐந்தும் போய்ச் சேராவிட்டால் எண் சரியாக இருந்தாலும் கணக்கு பிழைத்துவிடும்.

கூட்டுத்தொகை என்ற பொறி

முதல் சிக்கல் தோட்ட வேலைக் குழுவில் இருந்தது. கொந்தராத்துக்காரரின் தாளில் 2024ஆம் ஆண்டின் சில வாரங்களுக்கு 1,700 என்றும், அதற்கு முன்னும் பின்னும் வேறு எண்களும் இருந்தன. ஏன் இப்படி மாறி மாறி இருக்கிறது என்று கேட்டதற்கு அவர், “தம்பி, டீவியில ஆயிரத்து எழுநூறுன்னுதான் சொன்னாங்க. அதத்தான் போட்டேன். அப்புறம் கோர்ட்டுல நிப்பாட்டிட்டாங்கன்னு சொன்னாங்க, எடுத்துட்டேன். நீங்க எதுக்கு அத ரெண்டாப் பிரிக்கிறீங்க?” என்றார். அவருடைய கேள்வி நியாயமானது. அதற்கான விடையில்தான் இந்த அட்டவணையின் வடிவம் முழுவதும் தங்கியிருந்தது.

2024 ஏப்ரல் 30ஆம் தேதிய அறிவித்தலில் 1,700 என்ற ஒற்றை எண்ணைச் சம்பளமாகக் கொள்ள முடியாது. நாளாந்தக் குறைந்தபட்சச் சம்பளம் 1,350 ரூபா, உற்பத்தித்திறன் சார்ந்த விசேட படி 350 ரூபா என இரண்டு தனித்தனிக் கூறுகள் அதில் இருந்தன. மேலதிகமாகப் பறிக்கும் ஒவ்வொரு கிலோ கொழுந்துக்கும் 80 ரூபா என்ற மூன்றாவது கூறும் இருந்தது. அதன் அலகு நாள் அல்ல, கிலோ. பத்திரிகைத் தலைப்புகள் முதல் இரண்டையும் கூட்டி ஓர் எண்ணாக்கின. மூன்றாவதைச் சம்பளத் தாளில் யாரும் எழுதவேயில்லை.

இப்படிக் கூட்டுத்தொகையாகப் பேசுவது மலையகத்தில் பழைய வழக்கம். 2016ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தம் 730 ரூபா என்றே எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதற்குள் அடிப்படை 500 ரூபா மட்டுமே. வரவுப் படி 60, உற்பத்தித்திறன் படி 140, விலைப் பங்குக் கொடுப்பனவு 30 என்பன மீதி. 2019இல் பேசப்பட்ட 750 ரூபாவில் அடிப்படை 700, மீதி 50 விலைப் பங்குக் கொடுப்பனவு. இரண்டு தடவையும் ஊழியர் சேமலாப நிதி அடிப்படைக்கு மட்டுமே கணக்கிடப்பட்டது. 2021 மார்ச் 5ஆம் தேதி, தொழில்வாரியாகக் குறைந்தபட்சச் சம்பளத்தைத் தீர்மானிக்கும் சம்பள நிர்ணய சபையின் வழியாக வந்த ஆயிரம் ரூபாவும் 900 ரூபா நாட்சம்பளமும் 100 ரூபா வரவு செலவுத் திட்ட நிவாரணப் படியும் சேர்ந்ததுதான். ஆக நான்கு தடவை நான்கு விதமாகப் பிரிந்த தொகையை நான்கு ஒற்றை எண்களாக நினைவில் வைத்திருக்கிறோம். அந்த நினைவிலிருந்து சம்பளத் தாள் தயாரித்தால் சேமலாப நிதியும் மேலதிக நேரமும் எதன் மேல் கணக்கிடப்பட்டன என்பதை யாராலும் பிறகு நிரூபிக்க முடியாது.

மாதம் 22 நாள் வேலை செய்த ஒருவருக்கு 1,700 என்ற ஒற்றை எண்ணை வைத்தால் மாதத் தொகை 37,400 ரூபா. 1,350 மட்டும் என்றால் 29,700. தொழிலாளியின் 8 வீதமும் தொழில்வழங்குநரின் 12 வீதமும் சேர்ந்த சேமலாப நிதிப் பங்களிப்பு இந்த இரண்டு அடித்தளங்களுக்கும் இடையே 1,540 ரூபா வேறுபடுகிறது. எது சரியான அடித்தளம் என்பது ஒரு சட்டக் கேள்வி. படியின் தன்மையையும் அறிவித்தலின் வாசகத்தையும் பார்த்தே அதற்கு விடை சொல்ல வேண்டும். ஆனால் இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதிவிட்டால் அந்தக் கேள்வியை எழுப்பவே வழியிருக்காது.

எனவே ஒரு தரத்துக்கு ஒரு வரி என்ற பழைய முறையைக் கைவிட்டு, ஒரு கூறுக்கு ஒரு வரி என்று அமைத்தோம். ஒவ்வொரு வரியிலும் தொழில், தரம், கூறு, அலகு, தொகை, எந்த நாள் முதல், எந்த நாள் வரை என்பன இருக்கும். அவற்றுக்குப் பக்கத்தில் சேமலாப நிதிக்கு உட்பட்டதா, கூறு கிடைப்பதற்கான நிபந்தனை என்ன, வர்த்தமானியின் இலக்கமும் பக்கமும் எவை என்ற பத்திகள் இருக்கும். நிபந்தனைப் பத்தியைப் பலர் தேவையற்றது என்று விட்டுவிடுகிறார்கள். 2016இன் வரவுப் படியைப் பெற வேலை வழங்கப்பட்ட நாள்களில் 75 வீதமாவது வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. நிபந்தனை எழுதப்படாத படி சம்பளத் தாளில் ஒன்று எல்லோருக்கும் போகும், அல்லது யாருக்கும் போகாது.

யோசனையும் தீர்மானமும்

1,700 ரூபா விடயத்தில் இன்னொரு பாடமும் இருந்தது. சம்பள நிர்ணய சபையின் நடைமுறையில் முதலில் யோசனை வெளியாகிறது. ஆட்சேபனைகள் இருந்தால் எழுதி அனுப்பக் காலம் தரப்படுகிறது. பிறகே இறுதித் தீர்மானம் அமைச்சரின் அங்கீகாரத்தோடு வர்த்தமானியில் வருகிறது. இரண்டும் வர்த்தமானித் தாளில்தான் வருகின்றன. எண்களும் ஒன்றாகவே இருக்கலாம். அவசரமாகப் புரட்டுகிறவர் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஏப்ரல் 30ஆம் தேதிய அறிவித்தல் ஆட்சேபனைகளுக்கு இடம் வைத்து வந்த அறிவித்தல். அதன் பிறகு தீர்மானம் வந்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டம்பரில் புதிய வர்த்தமானி 1,350 ரூபாவை நாட்சம்பளமாக அறிவித்தது. 350 ரூபாப் படி அதில் இல்லை.

இதை அட்டவணையில் எப்படிக் காட்டுவது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. எல்லா வரிகளையும் ஒரே தாளில் வைத்து ‘நிலை’ என்ற பத்தியில் ‘யோசனை’, ‘நடைமுறையில்’, ‘இடைநிறுத்தம்’ என்று குறிக்கலாம் என்பது ஒரு வழி. நான் அதை ஏற்கவில்லை. சூத்திரம் எழுதுகிறவர் அந்தப் பத்தியைச் சேர்க்க ஒரு தடவை மறந்தால் போதும், யோசனை எண் சம்பளமாக வெளியேறிவிடும். ஆகவே யோசனைகள் தனித் தாளுக்குப் போயின. சம்பளக் கணக்கு வாசிக்கும் தாளில் நடைமுறைக்கு வந்த வரிகள் மட்டுமே இருக்கும். ஒரு தீர்மானம் இடைநிறுத்தப்பட்டால் அந்த வரியை அழிக்காமல் அதன் ‘வரை’ தேதியை மூடிவிடுவோம். தடைக்கு முன் வேலை செய்த நாள்களுக்கு எந்த எண் நடைமுறையில் இருந்தது என்று நாளைக்கு ஒருவர் கேட்டால் விடை அங்கேயே இருக்கும்.

தாளிலிருந்து எண்ணை எடுப்பது

வர்த்தமானிகள் documents.gov.lk தளத்தில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் கிடைக்கின்றன. நாங்கள் மூன்றையும் இறக்கி, வர்த்தமானி இலக்கத்தையே கோப்பின் பெயராக வைத்தோம். தமிழ்ப் பிரதிகளில் பல யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருக்களில் அமைந்தவை. திரையில் அழகாகத் தமிழ் தெரியும். அதைப் படியெடுத்து விரிதாளில் ஒட்டினால் தொடர்பற்ற எழுத்துகளாக விழும். இலக்கங்கள் மட்டும் பெரும்பாலும் தப்பிப் பிழைக்கும். இந்த இடத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. எண்கள் சரியாக வந்துவிட்டன என்ற நம்பிக்கையில் வரிகளின் தலைப்பை ஊகித்து எழுதத் தோன்றும். அப்படிச் செய்யாமல் தலைப்பைத் திரையிலிருந்து வாசித்துத் தட்டச்சு செய்து, எண்ணை ஆங்கிலப் பிரதியோடு ஒப்பிட்டோம். பழைய அறிவித்தல்கள் சில வெறும் படமாக வருடப்பட்டவை. அவற்றில் ஒருவர் வாசிக்க, மற்றவர் எழுத, பிறகு இடம் மாறி மறுபடி சரிபார்ப்பதைத் தவிர எனக்குத் தெரிந்து பாதுகாப்பான வழி இல்லை.

இதைவிட அதிக நேரம் எடுத்தது வேறொன்று. சம்பள நிர்ணய சபையின் புதிய அறிவித்தல் பல நேரங்களில் முழுமையான ஆவணமாக இருப்பதில்லை. முந்திய தீர்மானத்தின் ஒரு பகுதியை நீக்கி அந்த இடத்தில் புதிய பகுதியைச் சேர்ப்பதாகவே அது எழுதப்பட்டிருக்கும். புதிய தாளில் தரங்களும் தொகைகளும் இருக்கும். எந்தத் தரத்தில் யார் அடங்குவார் என்ற விளக்கம், சாதாரண வேலை நாளின் நீளம், மேலதிக நேரத்துக்கான வீதம் ஆகியவை பல ஆண்டுகளுக்கு முந்திய மூல அறிவித்தலிலோ இடையில் வந்த திருத்தத்திலோ கிடக்கும். ஆகவே கடைசித் தாளை மட்டும் வைத்துக்கொண்டு அட்டவணை செய்ய முடியாது. பின்னோக்கிச் சங்கிலியாகத் தேடி, ஒவ்வொரு பத்திக்கும் எந்தத் தாள் ஆதாரம் என்று தனித்தனியே எழுத வேண்டியிருந்தது. தொகைக்கு ஒரு வர்த்தமானி இலக்கமும் தர விளக்கத்துக்கு வேறொரு வர்த்தமானி இலக்கமும் ஒரே வரியில் இருப்பது அட்டவணையின் குறையல்ல. உண்மை நிலைமையே அதுதான்.

தரமும் வேலைப் பெயரும்

கொந்தராத்துக்காரரின் தாளில் மேசன் பாஸ், சின்ன பாஸ், கையாள், தட்டடி என்ற பெயர்கள் இருந்தன. அறிவித்தல்கள் பேசும் மொழி வேறு: பயிற்சியற்றவர், அரைப் பயிற்சி பெற்றவர், பயிற்சி பெற்றவர் என்ற வகையில் அவை பேசுகின்றன. இரண்டையும் இணைக்க ஒரு தனி அட்டவணை தேவைப்பட்டது. அதில் உள்ளூர் வேலைப் பெயர், அந்த ஆள் உண்மையில் செய்யும் வேலை, பொருந்தும் தரம், அப்படி முடிவு செய்த காரணம் ஆகிய நான்கும் இருக்கும். காரணப் பத்தியை நான் வற்புறுத்தினேன். ஒருவர் ‘சின்ன பாஸ்’ என்று அழைக்கப்படுவதால் அரைப் பயிற்சி என்று போடுவது காரணமாகாது. “தனியே செங்கல் வரி கட்டுகிறார், பூச்சு வேலையை மேற்பார்வையோடு செய்கிறார்” என்பதுதான் காரணம். அதை வாசிக்கும் பரிசோதகர் உடன்படாமல் போகலாம். ஆனால் எதோடு உடன்படவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

தரத்துக்கு முன்னால் தொழில் எது என்ற கேள்வி இருக்கிறது. தோட்டத்துக்குள் நடக்கும் எல்லா வேலையும் தேயிலைத் தொழிலின் கீழ் வரும் என்று கொந்தராத்துக்காரர் நினைத்திருந்தார். லயன் கூரை மாற்றும் மேசனின் வேலையிடம் தோட்டமாக இருந்தாலும், அவரைக் கட்டட வேலைக்கென்று கூலிக்கு வைத்திருப்பவர் கொந்தராத்துக்காரர். அந்தக் குழுவைக் கட்டடத் தொழிலின் கீழும், கவ்வாத்துக் குழுவைத் தேயிலை வளர்ப்பு மற்றும் உற்பத்தித் தொழிலின் கீழும், விடுதிக் குழுவைத் துப்புரவுச் சேவைத் தொழிலின் கீழும் வைத்து, இந்தப் பிரிப்பை எழுத்தில் தொழில் அலுவலகத்துக்குக் கொடுத்துக் கேட்டுக்கொண்டோம். இதை விரிதாளுக்குள் தீர்க்க முடியாது.

கவ்வாத்துக் குழுவின் தாளில் ‘அரைப் பேர்’ என்ற பதிவுகள் இருந்தன. ஒதுக்கிய செடிகளை முடிக்காதவருக்கு நாள் முழுவதும் மலையில் நின்றிருந்தாலும் அரை நாள் போடுவது தோட்டங்களில் கண்டுவரும் வழக்கம். ஆனால் அட்டவணையில் இந்தச் சம்பளத்தின் அலகு நாள். முழு வேலை நாளும் நின்றவருக்கு 0.5 என்று எழுதினால் 1,350 ரூபா 675 ரூபாவாகிவிடும். அலகை மாற்றும் அதிகாரம் சம்பளத் தாளுக்கு இல்லை. ஆகவே ‘பேர்’ பத்தியை இரண்டாக்கி, வந்த நேரத்தையும் முடித்த வேலையையும் தனித்தனியே பதியச் செய்தோம். குறைந்தபட்சச் சம்பளம் முதலாவதிலிருந்து மட்டுமே கணக்கிடப்படும்.

தேசியத் தரை

சம்பள நிர்ணய சபைகளின் எண்களோடு வேலை முடிந்துவிடாது. 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க வேலையாட்களின் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் எல்லாத் தொழில்களுக்கும் பொதுவான ஒரு தரையை வைத்தது. அப்போது அது மாதம் 10,000 ரூபா, நாள் 400 ரூபா. 2021இல் 12,500 மற்றும் 500, 2024இல் 17,500 மற்றும் 700, 2025 ஏப்ரல் 1 முதல் 27,000 மற்றும் 1,080, 2026 ஜனவரி 1 முதல் 30,000 மற்றும் 1,200 என்று அது உயர்ந்தது. ஒவ்வொரு தடவையும் மாதத் தொகையை 25ஆல் வகுத்தால் நாட்தொகை கிடைப்பதைக் கவனிக்கலாம். தட்டச்சுப் பிழையைப் பிடிக்க இது நல்ல சோதனை. தரை வரிகள் எல்லாவற்றுக்கும் இந்தச் சோதனையை ஒரு பத்தியாகவே வைத்தோம். சம்பள நிர்ணய சபைகளின் மாதச் சம்பளத்துக்கு இதே வகுப்பியைப் பயன்படுத்தக் கூடாது. அந்தந்தத் தீர்மானம் சொல்லும் எண்ணையே எடுக்க வேண்டும்.

படிகளிலும் மாற்றம் வந்தது. வரவு செலவுத் திட்ட நிவாரணப் படிக்கென்று வந்த இரண்டு தனிச் சட்டங்களில் 2005ஆம் ஆண்டினது மாதம் 1,000 ரூபாவும் (நாள் 40), 2016ஆம் ஆண்டினது மாதம் 2,500 ரூபாவும் (நாள் 100) வழங்கின. 2025 ஏப்ரல் உயர்வோடு இந்த 3,500 ரூபா அடிப்படைக்குள் சேர்க்கப்பட்டது. அட்டவணையில் இதன் பொருள் என்னவென்றால், புதிய தரை வரியைத் திறக்கும் அதே நாளில் இரண்டு படி வரிகளையும் மூட வேண்டும். மூடாமல் விட்டால் தாள் 1,220 ரூபா காட்டும். கொந்தராத்துக்காரரின் விலை மனு தேவையின்றி உயர்ந்துவிடும். தரையைத் திறக்காமல் படியை மட்டும் மூடினால் தொழிலாளிக்கு நட்டம்.

விடுதிக் குழுவின் ஒரு சம்பளக் காலம் இந்த மாற்றத்தின் குறுக்கே விழுந்தது. 2025 மார்ச் 24, திங்கட்கிழமை முதல் ஏப்ரல் 5, சனிக்கிழமை வரை ஞாயிறு தவிர 12 வேலை நாள்கள். தாளில் அவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபா, மொத்தம் 12,000 ரூபா. அந்தக் குழுவின் தர விகிதம் விளக்கத்துக்காக 600 ரூபா என்று கொள்வோம். தேசியத் தரைக்குக் கீழே இருந்தது என்பதுதான் இங்கே முக்கியம்.

| கூறு | தொகை (நாள்) | எந்த நாள்களுக்கு |
|---|---|---|
| தர விகிதம் (எடுத்துக்காட்டு) | 600 | காலம் முழுவதும் |
| தேசியத் தரை | 700 | மார்ச் 31 வரை |
| நிவாரணப் படி, 2005 | 40 | மார்ச் 31 வரை |
| நிவாரணப் படி, 2016 | 100 | மார்ச் 31 வரை |
| தேசியத் தரை | 1,080 | ஏப்ரல் 1 முதல் |

மார்ச் மாதத்தின் 7 நாள்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தபட்சம் 840 ரூபா, ஏப்ரலின் 5 நாள்களுக்கு 1,080 ரூபா. இரண்டையும் கூட்டினால் 5,880, 5,400, மொத்தம் 11,280 ரூபா. கொடுத்ததோ 12,000 ரூபா. மொத்தத்தை மட்டும் பார்த்தால் சட்டத்துக்கு மேலாகவே கொடுத்திருக்கிறார் என்று தோன்றும். ஆனால் மார்ச்சில் அதிகம் கொடுத்தது ஏப்ரலின் குறைவை ஈடு செய்யாது. ஏப்ரலின் ஒவ்வொரு நாளிலும் 80 ரூபா குறைகிறது. ஒருவருக்கு 400 ரூபா நிலுவை. இதனால்தான் சம்பளக் கணக்கை ஒருவருக்கு ஒரு வரி என்ற நிலையிலிருந்து ஒருவருக்கு ஒரு நாளுக்கு ஒரு வரி என்ற நிலைக்கு மாற்றினோம். வரிகள் பெருகின, ஒப்பீடு நேர்மையானது.

திருத்திய கணக்கில் மார்ச்சுக்கு 7,000, ஏப்ரலுக்கு 5,400, மொத்தம் 12,400 ரூபா. சேமலாப நிதி மாதக் கணக்கு என்பதால் இந்த இரண்டு தொகைகளும் இரண்டு வெவ்வேறு மாதங்களின் பங்களிப்புப் பட்டியலுக்குள் போகின்றன. சம்பளம் ஒரே நாளில் கொடுக்கப்பட்டது என்பதற்காக ஏப்ரலில் எல்லாவற்றையும் போடக் கூடாது.

வெற்றிடத்தை மறைக்கும் சூத்திரம்

தாளில் தர விகிதத்தையும் தரையையும் ஒப்பிட்டு அதிகமானதை எடுக்கும் சூத்திரம் எளிமையானது. அதில் ஒரு மறைவான ஆபத்து இருக்கிறது. ஒரு தரத்தின் பெயர் இரு தாள்களிலும் ஓரெழுத்து வேறாக இருந்தால் தேடல் பூச்சியத்தைத் தரும். பூச்சியத்தைத் தரையோடு ஒப்பிட்டால் தரை வெளிவரும். எண் நம்பத்தகுந்ததாக இருப்பதால் யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். தர விகிதம் தரையை விட உயர்வாக உள்ள தேயிலைக் குழுவில் இப்படி நடந்தால் 1,350 ரூபா கிடைக்க வேண்டியவருக்கு 1,080 ரூபா கணக்கிடப்படும். ஆகவே முதலில் பொருந்தும் அடிப்படை வரிகளை எண்ணி, சரியாக ஒன்று இருந்தால் மட்டுமே கணக்கைத் தொடரச் செய்தோம்.

```
J2: =COUNTIFS(Rates!A:A,B2,Rates!B:B,C2,Rates!C:C,"BASIC",Rates!F:F,"<="&D2,Rates!G:G,">="&D2)
K2: =IF(J2<>1,"CHECK",MAX(SUMIFS(Rates!E:E,Rates!A:A,B2,Rates!B:B,C2,Rates!C:C,"BASIC",Rates!F:F,"<="&D2,Rates!G:G,">="&D2),I2))
```

`Rates` தாளில் A தொழில், B தரம், C கூறு, E தொகை, F முதல், G வரை. சம்பளத் தாளில் B தொழில், C தரம், D வேலை செய்த நாள், I அந்த நாளின் தேசியத் தரை. இன்னும் மூடப்படாத வரிகளின் ‘வரை’ கட்டத்தை வெற்றாக விடாமல் 9999-12-31 என்று நிரப்ப வேண்டும். J2 பூச்சியமாக வந்தால் தரப் பெயர் பொருந்தவில்லை; 2 என்று வந்தால் பழைய வரியை மூடாமல் புதியதைத் திறந்திருக்கிறோம். அடிப்படையை மட்டும் தரையோடு ஒப்பிட்டு, படிகளை அதன் பிறகே தனிப் பத்தியில் கூட்டுகிறோம். படியையும் சேர்த்து ஒப்பிட்டால் படி தரைக்குள் கரைந்து மறைந்துவிடும்.

மேசன் குழு: குறைந்தபட்சம் வேறு, கொடுப்பது வேறு

மேசனுக்குக் கொந்தராத்துக்காரர் நாளொன்றுக்கு 3,500 ரூபா கொடுத்தார். அட்டவணை தயாரான பிறகு அவர் அதைத் தவறான வழியில் பயன்படுத்த நினைத்தார்: சேமலாப நிதிக்கு அட்டவணையில் உள்ள 1,080 ரூபாவை மட்டும் காட்டி, மீதியைக் கைக்காசாகக் கொடுப்பது. இதை நான் கடுமையாக மறுத்தேன். அட்டவணை சொல்வது இதற்குக் கீழே போகக் கூடாது என்பதை மட்டுமே. பங்களிப்போ உண்மையில் ஈட்டிய சம்பளத்தின் மேல் கணக்கிடப்படுகிறது. 22 நாளுக்கு 77,000 ரூபா பெறும் மேசனின் சேமலாப நிதிப் பங்களிப்பு இரு தரப்பும் சேர்ந்து 15,400 ரூபா; 1,080ஐக் காட்டினால் அது 4,752 ரூபாவாகச் சுருங்கும். மாதந்தோறும் 10,648 ரூபா அந்த மனிதரின் முதுமையிலிருந்து எடுக்கப்படுகிறது. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியின் 3 வீதத்திலும் அதே பிழை தொடரும்.

இந்தக் குழப்பத்தைத் தடுக்க, சம்பளத் தாளில் ‘சட்டக் குறைந்தபட்சம்’, ‘ஒப்புக்கொண்ட நாட்சம்பளம்’ என்ற இரண்டு பத்திகளை வெவ்வேறு இடத்தில் வைத்து, பங்களிப்புச் சூத்திரத்தை இரண்டாவதோடு மட்டும் இணைத்தோம். முதலாவது பத்தி ஒப்பீட்டுக்கு மட்டுமே. எந்தக் கழிவும் அதிலிருந்து வாசிக்காது. ஒட்டுமொத்த வேலையை மதிப்பிட்டு எடுத்துத் தன் கையாளைத் தானே கூட்டிவரும் மேசன் பாஸ் வேறு வகை. அவருடைய கையாளுக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்பது எழுத்தில் தீரும் வரை அந்தப் பெயர்களைத் தாளில் மஞ்சள் நிறத்தில் நிறுத்தி வைத்தோம்.

விலை மனு

அட்டவணையின் கடைசிப் பயன் எதிர்பாராத இடத்தில் வந்தது. விடுதியோடான துப்புரவு ஒப்பந்தம் 2025 நடுப்பகுதியில் புதுப்பிக்கப்பட இருந்தது. ஒரு வருடத்துக்கு ஒரே விலை என்றுதான் விடுதி கேட்டது. தரைத் தாளில் 2026 ஜனவரி 1ஆம் தேதிக்கான வரியையும் எழுதியிருந்ததால், 25 நாள் வேலை செய்யும் ஒருவருக்கு டிசம்பர் வரை 27,000 ரூபாவும் அதன் பின் 30,000 ரூபாவும் குறைந்தபட்சம் என்பது கண்முன் இருந்தது. தொழில்வழங்குநர் செலுத்தும் 12 வீதத்தையும் 3 வீதத்தையும் சேர்த்தால் ஒருவருக்கான மாதச் செலவு 31,050 ரூபாவிலிருந்து 34,500 ரூபாவாகிறது. ஒரே விலையில் ஒப்புக்கொண்டிருந்தால் இந்த 3,450 ரூபா வேறுபாட்டை ஜனவரிக்குப் பிறகு பெண்களின் நாள்களைக் குறைத்தோ கழிவுகளைக் கூட்டியோ சமாளிக்கும் நெருக்குதல் வந்திருக்கும். விலை மனு இரண்டு காலங்களுக்கு இரண்டு விலைகளோடு போனது. இரண்டாவது விலையின் பக்கத்தில் சட்டத்தின் பெயரும் தேதியும் எழுதப்பட்டிருந்தன.